பங்கு, பஞ்சு, பன்றி: மெய்யெழுத்து பிறக்கும் இடங்கள்

வல்லினம் மார்பில் பிறக்கும், மெல்லினம் மூக்கில் பிறக்கும், இடையினம் கழுத்தில் பிறக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்த எல்லோரும் இதைத் தேர்வில் எழுதியிருப்போம். நன்னூல் சொல்கிற வரிசைதான், மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் க என்று சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள மார்பைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. க, ச, ட, த, ப ஐந்தும் வல்லினம்தான். ஐந்துக்கும் மார்புதான் இடம் என்றால், ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு?

மெய்யெழுத்து ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். காற்று எங்கே தடைபடுகிறது என்பது முதல் கேள்வி. எப்படித் தடைபடுகிறது என்பது இரண்டாவது. இவற்றை இங்கே இடம், முயற்சி என்று பிரித்துச் சொல்கிறேன். என் கணிப்பில், வல்லினம் மெல்லினம் இடையினம் என்ற பிரிவு நமக்குப் பயன்படுவது இரண்டாவது கேள்விக்குத்தான். முதல் கேள்விக்கான விடை, நாம் மனப்பாடம் செய்த நெடுங்கணக்கின் வரிசையிலேயே இருக்கிறது: க ங ச ஞ ட ண த ந ப ம. தொண்டைப் பக்கம் தொடங்கி உதட்டில் வந்து முடிகிற வரிசை அது.

வரைபடத்துக்கு முன் நிலத்தைப் பார்த்துவிடலாம். நாக்கு நுனியை மேல் முன்பல்லின் பின்புறத்தில் வையுங்கள். அப்படியே மேலே நகர்த்தினால் பல் முடிந்து ஈறு தொடங்கும், உடனே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டைத் தாண்டியதும் கூரை சட்டென்று உயர்ந்து குழிவாகும். எலும்பு இருப்பதால் கெட்டியாக இருக்கும் இந்தப் பகுதி வன்னண்ணம். நுனியை இன்னும் பின்னால் வளைக்க முடிந்தால் ஓரிடத்தில் கெட்டித்தன்மை போய் மெத்தென்று ஆகும், அது மென்னண்ணம். அதன் கடைசியில் தொங்குவது உள்நாக்கு. நாக்கிலும் நுனி, நடு, அடி என்று மூன்று பகுதிகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஓர் ஒலியின் இடம் என்பது கூரையில் உள்ள ஒரு புள்ளி மட்டுமல்ல. நாக்கின் எந்தப் பகுதி, கூரையின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் இடம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதை இணை இணையாகவே சொல்கிறது: க, ங இரண்டுக்கும் அடிநா, ச, ஞ இரண்டுக்கும் இடைநா, ட, ண இரண்டுக்கும் நுனிநா.

இனி வாயால் சோதிக்கலாம். ஆறு சொற்கள் போதும்: பங்கு, பஞ்சு, பண்டு, பன்றி, பந்து, பம்பரம். ஆறும் ப-வில் தொடங்குகின்றன, அடுத்து அகரம், அதற்கடுத்து ஒரு மூக்கொலி. அந்த மூக்கொலியில் நிறுத்திவிடுங்கள், அடுத்த எழுத்துக்குப் போகவேண்டாம். பங்ங்ங் என்று இழுத்துக்கொண்டே நாக்கைக் கவனித்தால், நுனி கீழே சும்மா கிடக்கும். அடிநாக்கு மேலெழுந்து மென்னண்ணத்தில் ஒட்டியிருக்கும். பஞ்ஞ்ஞ் என்று இழுத்தால் நாக்கின் நடுப்பகுதி அகலமாக வன்னண்ணத்தில் ஒட்டும், நுனியோ கீழ்ப்பல்லின் பக்கம் இறங்கியிருக்கும். பண்ண்ண் என்றால் நுனி பின்னோக்கி வளைந்து மேட்டுக்குப் பின்னால் தொடும். பன்ன்ன் என்று இழுத்து, றி-யைச் சொல்லப்போகிற நிலையில் நின்றால் நுனி அந்த மேட்டிலேயே இருக்கும். பந்ந்ந் என்றால் நாக்கின் முன்பகுதி பரந்து பல்லின் பின்புறத்தை அழுத்தும். பம்ம்ம் என்றால் நாக்குக்கு வேலையே இல்லை, உதடுகள் மூடிக்கொள்ளும்.

ஆறு மூக்கொலிகள், ஆறு இடங்கள். இவற்றில் நிறுத்திப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வல்லினத்தை இழுக்க முடியாது. வாய் அடைபட்டிருக்கும் நேரத்தில் ஓசை வெளியே வராது, திறந்தவுடன் ஒலி முடிந்துவிடும். மூக்கொலியை மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம், அதனால் நாக்கைத் தேடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். பிடித்தபின், அதே நிலையிலிருந்து நாக்கை அசைக்காமல் அடுத்த எழுத்தை விடுவியுங்கள். பங் என்ற நிலையிலிருந்து கு தானாக வரும், பந் என்ற நிலையிலிருந்து து வரும். நாக்கு இடம் மாறுவதே இல்லை. ங-வுக்குக் க, ஞ-வுக்குச் ச என்று இன எழுத்துகளை மனப்பாடம் செய்தோமே, அந்த இனம் என்பது வாயில் இருவருக்கும் ஒரே முகவரி என்பதுதான். 'பந்கு' என்றோ 'பங்து' என்றோ தமிழில் ஏன் சொல் இல்லை என்பதற்கும் இதுவே காரணம்; அப்படிச் சொல்ல நாக்கு பாதிவழியில் இடம் மாற வேண்டும்.

சரி, நாக்கு ஒரே இடத்தில் இருக்கிறது என்றால் ம-வுக்கும் ப-வுக்கும் என்ன வேறுபாடு? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. மென்னண்ணம் அசையக்கூடியது. அது மேலே எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டால், உதடும் மூடியிருக்கும்போது காற்றுக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறி, உதடு திறந்ததும் வெடித்து வெளியேறும். அது ப. மென்னண்ணம் இறங்கியிருந்தால், உதடு மூடியிருந்தாலும் காற்று மூக்கு வழியே தொடர்ந்து போகும். அது ம. ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே மூக்கைப் பொத்தினால் ஓசை உடனே நின்றுவிடும். சளி பிடித்தவர் 'மாமா' என்றால் 'பாபா' மாதிரிக் கேட்பதும் இதனால்தான். இடம் மாறவில்லை, உதடு சரியாகவே மூடியது, மூக்குவழிதான் அடைபட்டிருக்கிறது. வல்லினத்தின் மூக்குக் கதவைத் திறந்துவிட்டால் கிடைப்பது மெல்லினம். ஆறு வல்லினத்துக்கு ஆறு மெல்லினம் சரியாக இணைவது தற்செயல் அல்ல.

வல்லினத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அதை எழுத்து காட்டாது. 'பக்கம்', 'பங்கு', 'மகன்' மூன்றையும் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பக்கம் என்பதில் அடைப்பு முழுமையானது, அந்த நேரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை. பங்கு என்பதில் அடைப்பு இருக்கிறது, ஆனால் ங-வில் தொடங்கிய அதிர்வு கு வரையும் அறுபடாமல் ஓடுகிறது. மகன் என்பதில் அடைப்பே விழுவதில்லை. அடிநாக்கு மென்னண்ணத்தை நெருங்கி, தொடாமல் இறங்கிவிடுகிறது, காற்று இடுக்கில் உரசிக்கொண்டு போகிறது. பலர் பேச்சில் அது ஹ மாதிரியே ஆகிவிடும். எழுத்து ஒன்று, ஏறத்தாழ இடமும் ஒன்று, முயற்சி மூன்று. இரட்டித்தால் முழு அடைப்பு, மூக்கொலிக்குப் பின் அதிரும் அடைப்பு, இரண்டு உயிருக்கு நடுவே தளர்ந்த அடைப்பு என்று சொல்லில் எங்கே வருகிறது என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதால்தான் தமிழ் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து வைக்கவில்லை. பத்து, பந்து, அது என்ற வரிசையில் த-வும் இதே வழியில்தான் போகிறது. ச மட்டும் கொஞ்சம் சேட்டைக்காரன். பச்சையில் அடைத்து உரசுகிறது, பஞ்சில் அதிர்ந்துகொண்டே அடைத்து உரசுகிறது, 'சட்டை'யில் நம்மில் பலருக்கு அடைப்பே இல்லாமல் வெறும் உரசலாகிவிடுகிறது.

மேலே சொன்ன ஆறு இடங்களில் ஒன்று நெடுங்கணக்கின் முதல் பத்து எழுத்துகளில் இல்லை: பன்றியில் வந்த மேடு. வாயின் ஒழுங்குப்படி ற, ன இரண்டும் ட ண-வுக்கும் த ந-வுக்கும் நடுவில் உட்கார வேண்டியவை. ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கின்றன. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பிராமி எழுத்து தமிழுக்கு வந்தபோது, தமிழ் ஒலிகளுக்கென்று ழ ள ற ன ஆகியவற்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. பல், மேடு, வளைநா என்று நாக்கு நுனிப் பக்கத்திலேயே மூன்று தனித்தனி அடைப்புகளை வைத்திருப்பது உலக மொழிகளில் அவ்வளவு சாதாரணம் இல்லை. பத்து, பற்று, பட்டு என்ற மூன்று சொற்கள் அந்த மூன்றையும் காட்டும்.

காட்டும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் நடுவில் உள்ள பற்று இன்றைய பேச்சில் தூய அடைப்பாக இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அடைத்துவிட்டு, விடும்போது ஒரு ர-வையும் சேர்த்து விடுகிறோம். பழைய அடைப்பு எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்க வேண்டுமானால் ஒரு மலையாளியைப் 'பற்று' சொல்லச் சொல்லுங்கள். நுனி மேட்டில் ஒற்றி, ர-வின் சாயல் இல்லாமல் விடுபடும். ஈழத் தமிழ் எழுத்தில் இதன் தடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆங்கில t ஒலிக்கும் இடம் அந்த மேடுதான், வளைநா அல்ல. தமிழ்நாட்டில் அதை ட என்று எடுத்துக்கொண்டோம், அதனால் கிரிக்கெட், டீச்சர் என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து வழக்கில் கிரிக்கெற், ரீச்சர். தமிழ்நாட்டு வாசகர்கள் சிலர் இதை விநோதம் என்று நினைப்பதுண்டு. வாய்க்குள் போய்ப் பார்த்தால், இடத்தைச் சரியாகப் பிடித்திருப்பவர்கள் அவர்கள்தான். ட என்று எழுதுகிற நாம் நாக்கை ஒரு படி பின்னால் இழுத்துவிடுகிறோம்.

ந, ன இரண்டும் தனித்தனி இடமென்றால் காதுக்கு ஏன் ஒன்றாகக் கேட்கிறது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந வரும், மற்ற இடங்களில் ன வரும் என்று ஏறக்குறைய பங்கு பிரித்துக்கொண்டதால் இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. மோதல் இல்லாததால் காது வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் பந்து சொல்லும்போது பல்லுக்குப் போகும் நாக்கு, பன்றி சொல்லும்போது போவதில்லை என்பதை மேலே நீங்களே பார்த்தீர்கள்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் ல, ள, ழ. இவை இடையினம், அதாவது காற்றுக்கு முழு அடைப்பும் இல்லை, மூக்குவழியும் இல்லை. ல்ல்ல் என்று இழுத்து, நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஓசையை நிறுத்தி, மூச்சை வாய்வழியே உள்ளே இழுங்கள். குளிர்ச்சி எங்கே உறைக்கிறது? நாக்கின் பக்கவாட்டில். நுனி மேட்டில் ஒட்டி நடுவழியை அடைத்திருக்கிறது, காற்று பக்கங்களில் கசிகிறது. இதனால் இதற்கு மருங்கொலி என்று பெயர். ள்ள்ள் என்று இதையே செய்தாலும் குளிர்ச்சி பக்கத்தில்தான், ஆனால் நுனி பின்னால் வளைந்திருக்கும். ஆக ல-வும் ள-வும் முயற்சியில் ஒன்று, இடத்தில் வேறு. ன-வுக்கும் ண-வுக்கும் உள்ள அதே இடைவெளி.

ழ்ழ்ழ் என்று இழுத்து மூச்சை உள்வாங்கினால் குளிர்ச்சி நடுவில், வளைந்த நுனியைச் சுற்றி உறைக்கும். ஏனென்றால் நுனி எதையும் தொடவில்லை. பின்னோக்கிச் சுருண்டு, கூரையை நெருங்கி, அந்தரத்தில் நிற்கிறது. ள-வும் ழ-வும் ஏறக்குறைய ஒரே இடம், முயற்சியில்தான் வேறு. பிறப்பியல் இந்த எழுத்துகளுக்கு இரண்டே வினைச்சொற்களைப் பயன்படுத்துகிறது: ஒற்றுதல், வருடுதல். ற, ன இரண்டுக்கும் நுனிநா அண்ணத்தை ஒற்றவேண்டும் என்கிறது. ர, ழ இரண்டுக்கும் வருடவேண்டும் என்கிறது. ல-வுக்கு ஒற்றல், ள-வுக்கு வருடல். ஒற்றுவது என்றால் போய் அழுத்தி நிற்பது. வருடுவது என்றால் தடவினாற்போல் போவது. முயற்சி என்ற சங்கதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள், அவளை என்று வேகமாகச் சொல்லிப் பார்த்தால் ள-வுக்குத் தொல்காப்பியர் ஏன் வருடல் என்றார் என்பதும் புரியும். இரண்டு உயிருக்கு நடுவில் நுனி பின்னால் போய் நிற்பதில்லை, கூரையைத் தட்டிக்கொண்டே முன்னால் விழுகிறது.

ழ-வைத் தப்பாகச் சொல்பவர்கள் எப்படித் தப்பாகச் சொல்கிறார்கள் என்பதையும் இந்த வரைபடம் கணித்துவிடும். ழ-வுக்கு இரண்டு நிபந்தனைகள்: நுனி சுருள வேண்டும், சுருண்டபின் தொடக்கூடாது. முதலாவதைக் காப்பாற்றி இரண்டாவதைக் கைவிட்டால், சுருண்ட நுனி கூரையில் பட்டுவிடும். பட்டால் அது ள. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் கேட்கும் 'வாளப்பளம்' இதுதான். இரண்டாவதைக் காப்பாற்றி முதலாவதைக் கைவிட்டால், நுனி கீழே படுத்துக்கொள்ளும், நடுநாக்கு மட்டும் கூரையை நெருங்கித் தொடாமல் நிற்கும். அது ய. சென்னையின் 'வாயப்பயம்' அப்படி வந்தது. இரண்டும் சோம்பல் அல்ல. ஒரே ஒலியிலிருந்து எதிரெதிர்ப் பக்கம் இறங்கிய இரண்டு வழிகள். ஆகவே ழ வராத ஒருவருக்குப் பழக்குகிறவர் முதலில் அவர் எந்தப் பக்கம் இறங்குகிறார் என்று பார்க்க வேண்டும். ள சொல்கிறவரிடம் 'நாக்கை மடி' என்பதில் பயனில்லை, அவர் ஏற்கெனவே மடித்திருக்கிறார். ள-வில் நுனியை வைத்து, ஓசையை நிறுத்தாமல் நூலிழை கீழே இறக்கச் சொல்ல வேண்டும். ய சொல்கிறவருக்கு ண்ண்ண் என்று தொடங்கி, மடித்த நுனியைக் கூரையிலிருந்து விடுவிக்கச் சொல்வது வேலை செய்யும்.

ர, ற பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ர-வுக்கு நுனி மேட்டை ஒருமுறை தட்டும், ற-வுக்குப் பலமுறை படபடக்கும். பெரும்பாலான வட்டாரங்களில் மரமும் மறமும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. வ-வுக்கு மேற்பல்லும் கீழுதடும் நெருங்கும், அழுத்தி உரசினால் அது ஆங்கில v. நாம் அவ்வளவு அழுத்துவதில்லை.

இவ்வளவையும் நாக்கின் உணர்வை நம்பித்தான் சொன்னேன், ஆனால் அந்த உணர்வு சிலசமயம் ஏமாற்றும். கண்ணால் பார்க்க மொழியியலாளர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் ஒரு முறை உண்டு. கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து நாக்கில் பூசிக்கொள்வார்கள். ஒரே ஒரு சொல்லைச் சொல்வார்கள். பிறகு வாயைத் திறந்து, சின்னக் கண்ணாடியை உள்ளே வைத்து மேலண்ணத்தைப் படமெடுப்பார்கள். நாக்கு தொட்ட இடத்தில் கறுப்பு ஒட்டியிருக்கும். வீட்டில் கரிக்குப் பதில் கோகோ தூள் போதும். சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம்: நாக்குக்கு வேலை தரும் மெய் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இல்லையென்றால் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். பத்து, பற்று, பட்டு இதற்கென்றே அமைந்த மாதிரி. ப-வுக்கு உதடு மட்டும்தான் வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் இடையில் வாயைக் கொப்பளித்துத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். த-வுக்குப் பல்லின் பின்புறம் கறுக்கும், ற்ற-வுக்கு மேடு கறுக்கும், ட்ட-வுக்கு மேட்டுக்குப் பின்னால் கறுக்கும், பல் சுத்தமாக இருக்கும். பக்கப் பற்களின் ஓரம் தடம் தெரிந்தால் குழம்ப வேண்டாம், காற்று கசியாமல் இருக்க நாக்கின் விளிம்புகள் அங்கேயும் ஒட்டும். ல, ள, ழ-வுக்கு வலி, வளி, வழி என்று சொல்லத் தோன்றும். இகரத்துக்கே நாக்கின் ஓரங்கள் கூரையைத் தொட்டுவிடுவதால் படம் கலங்கிவிடும். அல, அள, அழ என்பது மேல். ழ-வின் படத்தில் நடுக்கோட்டில் தடம் இல்லாவிட்டால் ஒலி சரி. நடுவில் ஒரு திட்டு இருந்தால் நீங்கள் ள சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த முறைக்கு எட்டாத ஒலி க. 'பக்கம்' என்று சொல்லிப் படம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் விழாது, தொடும் இடம் கண்ணாடிக்கு அப்பால் போய்விடுகிறது. ஆனால் 'கீ' என்று சொன்னால் தடம் வன்னண்ணத்தின் பின்பக்கத்தில் தலைகாட்டும். பின்னால் வரும் ஈகாரம் அடிநாக்கை முன்னால் இழுத்துவிடுகிறது. 'கூ' என்றால் அதே க பின்னால் போகும். கீ, கூ, கீ, கூ என்று ஓசையில்லாமல் க-வின் அடைப்பை மட்டும் போட்டுப் பார்த்தால், ஒட்டும் இடம் முன்னும் பின்னும் நகர்வது கண்ணாடி இல்லாமலே தெரியும்.